சொன்னதாகக் கூறப்படும் வார்த்தை

எங்கள் குடும்பத்தில் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. சாந்தோமில் எங்கள் வீட்டை அறிந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகையால் என் தங்கை நோராவின் மகன் டெரன்ஸுக்குத் தொழிற்சாலையில் சார்ஜ் ஷீட் கொடுத்துவிட்டார்கள் என்றதும், அவன் வேலை என்னாகுமோ என்ற கவலைக்கு முன்னால் அதில் எழுதியிருந்ததுதான் எனக்கு உறைத்தது. மேற்பார்வையாளர் திரு. தணிகாசலத்தை வேலை நேரத்தில் தகாத வார்த்தையால் திட்டினானாம். கூடவே சஸ்பென்ஷன் உத்தரவு. விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம். குற்றம் உறுதியானால் வேலையே போகலாம்.

கிண்டியில் இருக்கும் அதே கம்பெனியில், டூல் ரூமில், நானும் வேலை செய்கிறேன். அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.

"அவரைச் சொல்லல மாமா," என்றான் டெரன்ஸ். "பிரஸ் ஜாம் ஆயிடுச்சு. மெஷினைத்தான் சொன்னேன். அவரு பின்னாடி நின்னுக்கினு இருந்தாரு."

"மெஷினை என்ன சொன்னே?"

வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "வேணாம். என் காதுல போடாதே."

பதிலை நானே எழுதினேன். எங்கள் தாத்தா கோயிலில் உபதேசியாராக இருந்ததில் தொடங்கி, நோரா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்பதுவரை எழுதி, 'எனவே இவன் திட்டியது இயந்திரத்தை மட்டுமே' என்று கம்பீரமாக முடித்திருந்தேன். தொழிற்சங்கச் செயலாளர் நெடுஞ்செழியன் அடையாறு டிப்போ எதிரே டீக்கடையில் நின்றபடி அதைப் படித்தார்.

"அண்ணே, இது பதில் இல்ல. பொண்ணு கேட்டு எழுதின லெட்டர்."

"கௌரவமான குடும்பம்னு தெரியணும்ல?"

"தெரியுது. கடைசி வரியில பையன் ஏதோ திட்டினான்னும் தெரியுது. அவங்க கேட்கறதுக்கு முன்னாடியே நீங்களே ஒத்துக்கிட்டீங்க." தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். "என்ன வார்த்தைன்னு சார்ஜ் ஷீட்ல இருக்கா?"

"இல்லை. நல்லவேளை."

"அதான் நம்ம பாயின்ட். என்ன வார்த்தைன்னு கேட்கணும்."

"கேட்கக் கூடாது! எங்க வீட்டுப் பையன் பேரோட அந்த வார்த்தை ஆபீஸ் ஃபைல்ல ஏறணுமா?"

"ஏறாட்டி பையன் கம்பெனி கேட்டுக்கு வெளியில நிப்பான். பரவாயில்லையா?"

நான் டீயைக் குடித்தேன். நெடுஞ்செழியன் சொல்லச் சொல்ல, கூட வந்திருந்த டெரன்ஸ் எழுதினான்.

'என் மீதான குற்றச்சாட்டை மறுக்கிறேன். நான் கூறியதாகச் சொல்லப்படும் வார்த்தை எதுவென்று குறிப்பிடப்படவில்லை. அது தெரியாமல் முழு விளக்கம் அளிக்க இயலாது. ஆகவே அந்த வார்த்தை எது என்பதையும், புகாரின் நகல், சாட்சிகளின் பட்டியல், கேமரா பதிவு ஆகியவற்றையும் தரக் கோருகிறேன். அவை கிடைத்த பின் விளக்கம் அளிக்க அவகாசம் வேண்டும். விசாரணை நடத்துவதாயின், நடுநிலையான ஒருவர் நடத்தவும், சக தொழிலாளி ஒருவரை நான் உதவிக்கு வைத்துக்கொள்ளவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் அனுமதிக்க வேண்டும்.'

"அவ்வளவுதானா? தாத்தா?" என்றேன்.

"தாத்தா சாட்சி இல்லண்ணே."

ஆபீஸில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினோம். சக தொழிலாளியாக யார் போவது என்ற கேள்விக்கே நான் இடம் கொடுக்கவில்லை. குடும்ப விஷயம், நான்தான் போவேன் என்றேன். "கோபப்படாம இருப்பீங்களா?" என்று நெடுஞ்செழியன் கேட்டார்.

நிர்வாகம் புகாரின் நகலைக் கொடுத்தது. அதில் 'எழுத்தில் கொண்டுவர இயலாத சொல்' என்றிருந்தது. சாட்சி தணிகாசலம் மட்டுமே. கேமராவில் சத்தம் கிடையாது. கிடைத்ததைப் பார்த்து இன்னொரு விளக்கமும் எழுதிக் கொடுத்தோம். திருப்தியில்லை என்று விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து வழக்கறிஞர் உமர் ஃபாரூக் வந்திருந்தார். பேசுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற பிரிஸில்லா உட்கார்ந்திருந்தாள். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பெண். இங்கே நடப்பது ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் கோயில் வாசலுக்குப் போய்விடும்.

தணிகாசலம் கறுப்பு வேட்டி, துளசி மாலை, நெற்றி நிறைய சந்தனத்தோடு வந்தான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். ஒரு காலத்தில் என்னிடம் டூல் ரூமில் தொழில் பழகியவன்.

என் முறை வந்ததும் எழுந்தேன். "டெரன்ஸ் சொன்னதாகச் சொல்றீங்களே, அந்த வார்த்தை எது?"

"அண்ணே, மாலை போட்டிருக்கேன். வாயால சொல்லக் கூடாது."

"அப்ப எழுதிக் காட்டுங்க சாமி," என்றார் உமர் ஃபாரூக்.

"எழுதினாலும் விரதம் கெட்டுடும் சார்."

"மாலையை எப்பக் கழட்டுவீங்க?"

"மகரவிளக்கு முடிஞ்சு சார்."

கார்த்திகை அப்போதுதான் பிறந்திருந்தது. அதுவரை டெரன்ஸ் பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்கார வேண்டும். நிர்வாகப் பிரதிநிதி ஒரு வழி கண்டுபிடித்தார். "இக்னேஷியஸ் சார் சில வார்த்தைகளைச் சொல்லட்டும். எதுன்னு சாட்சி தலையாட்டட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு அந்த மாதிரி வார்த்தை தெரியாது."

"ஒண்ணுகூடவா?"

"எங்க குடும்பத்துல..." என்று நான் ஆரம்பித்தபோது, பொறுமை இழந்து டெரன்ஸ் எழுந்துவிட்டான். "விடுங்க மாமா! நானே சொல்லிடறேன். சார், அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்னா..."

வாக்குமூலமே கொடுக்கப் போகிறான்! அவன் வேலை கண்ணெதிரே போகிறது!

"வாயை மூடுடா பேமானி!"

பிரிஸில்லா தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தணிகாசலம் துள்ளி எழுந்தான். "அதான் சார்! அதே வார்த்தைதான்!"

நிர்வாகப் பிரதிநிதி முகத்தில் தீபாவளி. ஆனால் சாட்சி இன்னும் என் கையில்தான் இருந்தான்.

"தணிகாசலம், இந்த வார்த்தையை என் வாயில இப்பதான் முதல்ல கேட்கிறியா?"

"இன்னாண்ணே நீங்க! ட்ரெய்னியா இருந்தப்ப தினம் கேட்டிருக்கேனே."

டூல் ரூமில் பேசுவது குடும்பத்தில் பேசுவது ஆகாது. இருந்தாலும் பிரிஸில்லாவின் பக்கம் நான் திரும்பவில்லை.

"உன்னையா சொன்னேன்?"

"சேச்சே. ட்ரில் உடைஞ்சா ட்ரில்லைச் சொல்வீங்க. மெஷின்ல டை சரியா உட்காரலன்னா டையை."

"ஏன் புகார் கொடுக்கலை?"

"மெஷினைச் சொன்னதுக்கு யாராவது புகார்..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

உமர் ஃபாரூக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு பிரஸ் ஜாம் ஆகியிருந்துச்சா சாமி?"

"ஆமா சார்."

"டெரன்ஸ் உங்களைப் பார்த்தா பேசினார்?"

தணிகாசலம் மாலையைப் பிடித்துக்கொண்டான். பொய்யும் சொல்லக் கூடாதே. "இல்ல சார். பிரஸ்ஸைப் பார்த்துக்கினு இருந்தாரு. எனக்கு அவரு முதுகுதான் தெரிஞ்சுது."

நிர்வாகப் பிரதிநிதி எழுந்தார். "சார், இக்னேஷியஸ் சார் கோபத்துல பேசினதை நீக்கிடலாம். வயசுல பெரியவர். அவர் மரியாதைக்காகச் சொல்றேன்."

உமர் ஃபாரூக் என்னைப் பார்த்தார். "நீக்கணும்னா நீக்கலாம். ஆனா அதிலிருந்து வந்த கேள்வியும் பதிலும் அந்தரத்துல நிக்கும். எப்படி வேணும்?"

உபதேசியார் பேரன் நான். டெரன்ஸ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா என் தங்கை.

"இருக்கட்டும்," என்றேன்.

பிரிஸில்லா அச்செடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு நேர் கீழே எனக்கு இடம் விட்டிருந்தார்கள். முழுப் பெயரையும் போட்டேன்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. டெரன்ஸ் வேலைக்குத் திரும்பினான், பிடித்த சம்பளமும் வந்தது. குறுக்கு விசாரணை எப்படிச் செய்வது என்று இளைஞர்கள் கற்றுக்கொள்ள, அந்தப் பக்கத்தைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போவதாக நெடுஞ்செழியன் சொல்கிறார். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அந்தப் பலகையின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பதாக இல்லை.