சித்தி வீட்டு ஆறு பேர்

அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மதிய விருந்து என்று முடிவானதும், விருந்தினர் பட்டியல் பெரியவள் தலையில் விழுந்தது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பதினைந்து வருடமாக எக்செல்லோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். பெயர், பதில், பெரியவர்கள், பிள்ளைகள், சைவம், அசைவம் என்று பத்தி பிரித்து, தம்பியும் மாஸ்டரும் ஃபோனில் பார்க்கும்படி திறந்துவிட்டாள். மாஸ்டர் என்பது சமையல் ஒப்பந்தக்காரர்.

பதில் பத்தியில் மூன்றே சொற்கள்: 'வருகிறார்கள்', 'வரவில்லை', 'உறுதியில்லை'. முதலாவதும் கடைசியும் தலைக்கணக்கில் சேரும். பிள்ளைக்கு அரைப் பங்கு.

"புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு எனக்குக் கடைசி எண்ணிக்கை வேணும்மா. உறுதியில்லைன்னு ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. சாமான் வாங்கிட்டா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

புதன் காலை பதினொன்றரைக்கு 'உறுதியில்லை' ஒரே ஒரு வரிசையில்தான் மிச்சமிருந்தது. சித்தி வீடு. ஆறு பெரியவர்கள், ஆறு பேரும் சைவம்.

"பாத்துச் சொல்றேன்னாங்க. நீ ஒரு வார்த்தை திரும்பக் கேட்டுடு அக்கா" என்று தம்பி இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டான்.

அவள் சித்தியின் எண்ணை எடுத்தாள். மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். சித்தப்பா இறந்து மூன்று வருடமாகிறது. பரீட்சைக்கெல்லாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவர். அவரை எடுத்த அன்று இவளுக்குப் பதவி உயர்வு நேர்காணல். சாவுக்குப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றாள். பிறகு எந்த முகத்தோடு போவது என்றாகிவிட்டது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். 'வரவில்லை' என்று மாற்றினாள். சைவம் முப்பத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டாக இறங்கியது. அசைவம் எழுபத்திரண்டு. மொத்தம் நூற்று நான்கு பங்கு. ஆளுக்கு நூற்றிருபத்தைந்து கிராம் வீதம் பதின்மூன்று கிலோ அரிசி. கணக்கில் பிசகு இல்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் விருந்துக் கூடத்தின் வாசலில் சித்தி நின்றாள். பின்னால் மகன், மருமகள், மகள், மருமகன், மருமகனின் அம்மா.

"தம்பி கூப்பிட்டானே, அதுவே போதும்னு வந்துட்டோம். திரும்ப யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள் சித்தி, சாதாரணமாக.

பெரியவள் சைவப் பாத்திரங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சோறு போதுமானதாக இருந்தது. காய்கறிப் பாத்திரங்கள்தான் காலியாகின. மாஸ்டர் இருபது பங்குக்கு ஒன்று என்று கூடுதலாகப் போட்டிருந்தது இரண்டு பங்குக்குக்கூட வராது. அதையும் அசைவக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டி எடுத்துவிட்டார்கள். சித்தி வெறும் சோற்றுத் தட்டோடு நிற்பதை அப்பா பார்த்துவிட்டார். நேரே சமையலறைக்குப் போனார்.

"எத்தனை வருஷமாய்யா இந்தத் தொழில் பண்றே? என் தம்பி பொண்டாட்டிக்கு ஒரு கரண்டி காய் இல்ல. சாமானைக் குறைச்சுட்டியா?"

மாஸ்டர், அப்பாவின் பின்னால் வந்து நின்ற பெரியவளை ஒருமுறை பார்த்துவிட்டு, உருளைக்கிழங்குக் கூடையை இழுத்துக் கத்தியை எடுத்தார். செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டைப் பார்த்தவர் அவர். யார் குறைத்தார்கள் என்று அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம். விருந்து முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், இவர் ஒருவரைத் தவிர.

"அவர் மேல தப்பில்லப்பா," என்றாள். "சித்தி வீட்டை நான்தான் வரலைன்னு போட்டேன். கேக்காமலே போட்டேன்."

அப்பா மாஸ்டரிடம், "மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. அறைந்திருந்தால் தேவலை.

"அரை மணி நேரம்மா," என்றார் மாஸ்டர். "பருப்பு வெந்துடும். கிழங்கை நீங்க உரிங்க."

பட்டுப் புடவையோடு உட்கார்ந்து உரித்தாள். கிழங்குக் கறி தயாரானதும் தானே எடுத்துப்போய், உட்கார்ந்திருந்த சித்தியின் தட்டில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

சித்தி பிசைவதை நிறுத்தினாள். "எனக்கு ஃபோன் பண்ண அவ்வளவு கஷ்டமா இருந்துச்சா?"

"சித்தப்பாவுக்கு வராததுலேர்ந்து..."

"வந்திருக்கலாம்," என்றாள் சித்தி. "கடைசி வாரம் உன்னைக் கேட்டுட்டே இருந்தார். உன் வேலை என்னாச்சுன்னு."

அவளால் நிமிர முடியவில்லை. அருகில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சித்தி அதைக் காலால் தள்ளினாள்.

"உக்காரு. அந்த வாரம் நடந்ததெல்லாம் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

அவள் உட்கார்ந்தாள். சித்தி சாப்பிட்டுக்கொண்டே, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.