எல்லை என்று எழுதிய கடிதம்

கணக்கு வாத்தியார் அரிகிருஷ்ணன் செய்த ஒரே தப்பு, தமிழில் எழுதியதுதான். பிரெஞ்சுப் பள்ளி வகுப்பில் சொல்வதுபோல 'லிமித்' என்று பிரெஞ்சிலேயே விட்டிருந்தால் ஒரு குடியும் முழுகியிருக்காது. மாணவி சந்திரகலாவின் அப்பா, மில் தொழிலாளி அம்மாவாசைக்குப் புரியட்டுமே என்று 'எல்லை' என்று எழுதினார்.

உறை அப்பா பேருக்கு இருந்ததால் சந்திரகலா பிரிக்காமலே கொடுத்தாள். அம்மாவாசைக்கு எழுத்து தெரியாது. பெண்ணைப் பற்றிய கடுதாசியைப் பெண்ணிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வதா என்று நெல்லித்தோப்பு டீக்கடைக்கு எடுத்துப் போனார். அங்கே டீ ஆற்றும் சாமிக்கண்ணுவுக்கு எதையும் மெதுவாகப் படிக்கத் தெரியாது. ஊருக்கே கேட்கப் படித்தான்.

"தங்கள் மகள் முதலில் எல்லை என்றாலே பயந்தாள். இப்போது பயம் போய்விட்டது. இரண்டு பக்கமிருந்தும் எல்லையை நெருங்கப் பழகிவிட்டாள். வீட்டில் தினமும் அரைமணி நேரம் வேலை சொல்லாமல் தனியாக விடுங்கள்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மீதியைக் கேட்க அம்மாவாசை அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினார். "எல்லைய நெருங்கிட்டியாமே? வாத்தியாரே எழுதியிருக்கான்!"

சந்திரகலாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தைப் பிடுங்கிப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். கரித்துண்டால் தரையில் எழுதினாள்: எக்ஸின் வர்க்கத்தில் நாலு கழித்து, அதை எக்ஸில் ரெண்டு கழித்த மிச்சத்தால் வகுக்க வேண்டும்.

"எக்ஸுக்கு ரெண்டுன்னே போட்டா மேலயும் சைபர், கீழயும் சைபர்பா. ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால கிட்ட போறோம். 1.9 போட்டா 3.9. 1.99 போட்டா 3.99. அந்தப் பக்கம் 2.1 போட்டா 4.1. ரெண்டு பக்கமும் நாலக் காட்டுது. அந்த நாலுதாம்பா எல்லை."

கடிதத்தின் மிச்சத்தையும் படித்தாள். இப்படி அட்டவணை போட்டுத் தினம் ஐந்து கணக்கு. ஜூனில் பக்கலோரியா என்ற பள்ளி இறுதிப் பரீட்சையில் நிச்சயம் தேறுவாள்.

அம்மாவாசை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் மக்கு இல்லை, புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கொடுமை.

"உம்மேல தப்பில்லம்மா," என்றார். "ஆனா கடையில பத்து பேரு கேட்டுட்டானுங்க. ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி தரையில எழுதிக் காட்டுவியா?"

மறுநாளிலிருந்து அவள் வாத்தியாரிடம் டியூஷனுக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. அரிகிருஷ்ணன் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கே வந்தார். அவர் வந்ததையும் தெரு பார்த்தது. பேச்சு இரண்டு மடங்கானது. பெண்டாட்டியை இழந்த வில்லியனூர்க்காரன் ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். முகூர்த்தம் பரீட்சை வாரத்தில் விழுந்தது.

தேதி குறித்த அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் துலக்க உட்கார்ந்தபோது அம்மாவாசை தடுத்தார்.

"வுடும்மா. அரைமணி நேரம் வேல சொல்லாதீங்கன்னு வாத்தியாரு எழுதியிருந்தாரே. போயி கணக்கப் போடு."

சந்திரகலா நோட்டை எடுத்து ஐந்து கணக்கையும் போட்டாள். எல்லாம் சரியாக வந்தது.