இருபத்து நான்காம் தேதி வரை

போன வருடம் என் மாமியாரைக் கொன்றோம். ஆண்டறிக்கைக்குப் பதினைந்து நாள் அவகாசம் கேட்டு வாரியத்துக்கு எங்கள் மேலாளர் அனுப்பிய கடிதத்தில், "பொறுப்பு அதிகாரியின் மாமியார் காலமானதால்" என்று காரணம் இருந்தது. கடிதம் போன பிறகுதான் எனக்குச் சொன்னார். மாமியார் அன்றைக்கும் திடமாகத்தான் இருந்தார், நான் துணி மடிக்கும் லட்சணத்தைப் பற்றி என் நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நாள் கிடைத்தது, நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் கொல்ல ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால் பதப்படுத்தும் தொழிற்சாலை எங்களுடையது. நான் சுற்றுச்சூழல் அதிகாரி. பட்டம் பெரிது, அறையோ பழைய பால் கேன்கள் வைக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஓட்டை மின்விசிறியும். கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிறோம். எவ்வளவு விட்டோம், அதில் என்ன இருந்தது, உரிமத்தின் நிபந்தனைகளை மீறாமல் நடந்தோமா என்று வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்குமுறை வாரியத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், "இதிலுள்ளவை அனைத்தும் உண்மை" என்று உறுதிமொழி இருக்கும். அதன் கீழே எட்டு வருடமாக என் கையெழுத்து.

கெடு முப்பதாம் தேதி. இருபத்தேழாம் தேதி காலை, அளவுப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டு ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். மழைக்காலத்தில் பாய்லர் பழுதாகி ஒன்பது நாள் ஆலை மூடியிருந்தது. பால் வரவில்லை, உற்பத்தி ஆட்கள் வரவில்லை. பதிவேட்டிலோ அந்த ஒன்பது நாளும் நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்று எட்டு, நானூற்றுப் பதினைந்து கன மீட்டர் என்று கழிவுநீர் கம்பீரமாக வெளியேறியிருந்தது. ஒன்பது நாள் பொய் என்றால் மீதி முந்நூற்றுச் சொச்ச நாளை யார் நம்புவது?

பதிவேட்டை எழுதுகிறவரை எல்லோரும் தண்ணிக்காரர் என்போம். பேரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், மனிதர் காபிகூடக் குடிக்கமாட்டார். இருபத்தெட்டு வருடமாகச் சுத்திகரிப்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. பதறுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஆய்வகத்தில் தாமதம் என்று எழுதி ஒரு மாதம் கேட்டுவிடலாம் என்றார். ஆய்வகச் சான்றிதழ்கள் பதினான்காம் தேதியே வந்துவிட்டன, தேதி அச்சடித்துத்தான் வருகிறது, அவற்றைத்தான் அறிக்கையோடு இணைக்கப் போகிறோம் என்று நினைவுபடுத்தினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அடுத்த வழியைச் சொன்னார்.

"அப்ப உண்மையவே எழுதிடுங்க. ஊழியர் பொய்க் கணக்கு எழுதியிருக்கார், கண்டுபிடிச்சோம், வேலையை விட்டு எடுத்துட்டோம்னு. நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ஒரு வரி இருந்தா வாரியத்துக்கும் திருப்தி."

"நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறவர் சார். இப்ப எடுத்தா பணிக்கொடைகூடக் கிடைக்காது."

"நான் எழுதலையே அந்த நம்பரை" என்றார்.

சொல்லப்போனால் எனக்கும் தண்ணிக்காரர் மேல் கோபம்தான். இத்தனை வருடம் நம்பிக் கையெழுத்துப் போட்டேனே என்ற கோபம். அதே கோபத்தோடுதான் தொட்டிப் பக்கம் நடந்தேன்.

தண்ணிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டை விரித்துக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் பாய்லர்காரர்கள் வழியெல்லாம் குழாய்களைப் போட்டு அடைத்துவிட்டார்களாம், மதிலோரத்தில் இருக்கும் மீட்டர்வரை போக முடியவில்லையாம். தொட்டி கழுவும் தண்ணீர் கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருந்ததாம், எவ்வளவு என்று தெரியாததால் வழக்கமாக வருவதை எழுதினாராம்.

"தெரியலன்னா விட்டுட வேண்டியதுதானே அண்ணே? யாரு உங்கள எழுதச் சொன்னது?"

அவர் மருந்துக் குப்பியை மூடினார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நீங்கதாம்மா."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமாம். வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று ஆலையே பரபரத்துக்கொண்டிருந்ததாம். அவர் கொடுத்த மாதத் தாளில் நான்கு கட்டங்கள் காலி. நான் நான்கையும் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பி, "ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாது, எப்படின்னு எனக்குத் தெரியாது, நிரப்பிக் கொடுங்க" என்றேனாம்.

எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. ஆனால் "எப்படின்னு எனக்குத் தெரியாது" என்பது என் வாய்தான். வீட்டில் மகனிடம் வீட்டுப்பாடத்துக்கு நான் சொல்வதும் அதுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகை எட்டு வருடமாக ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

மதியம் வாரியத்துக்குப் போன் செய்தேன். எங்கள் கோப்பைப் பார்க்கும் அம்மாளின் குரல், என்னைவிடக் களைத்த குரல். முதலில் என் மாமியார் மறைவுக்கு வருத்தம் தெரிவித்தார். நன்றி சொன்னேன், வேறு என்ன சொல்வது. பிறகு விதிகளைச் சொன்னார். கெடு முடிவதற்குள் விண்ணப்பம் வந்துசேர வேண்டும். உரிம எண், நிபந்தனை எண், காரணம், காரணத்துக்கு ஆதாரம் எல்லாம் வேண்டும். தயாராக இருக்கும் பகுதிகளை முப்பதாம் தேதிக்குள்ளேயே கொடுத்துவிடுவது நல்லது. "சீக்கிரம்"னு எழுதாதீங்க, தேதி போடுங்க என்றார்.

"குறைச்சலா கேட்டா நல்ல பேரு வரும்னு நினைச்சு நிறையப் பேரு பத்து நாள் கேக்கறாங்க. அப்புறம் மறுபடி வந்து நிக்கிறாங்க. ரெண்டாவது தடவை நான் மேல அனுப்பவே மாட்டேன். எவ்வளவு வேணுமோ அதைக் கேளுங்க."

உட்கார்ந்து எண்ணினேன். கழிவுநீரை வெளியேற்றும் பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவு மின் அறையில் இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிடலாம். முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் பார்க்க ஒரு வாரம். மீட்டரைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்பதாம் தேதிக்கு முன் வராது. சான்றிதழுக்கு ஐந்து வேலை நாள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எது அளந்தது எது மதிப்பிட்டது என்று பிரித்துக் காட்ட ஒரு வாரம். அடுத்த மாதம் இருபத்து நான்காம் தேதி வந்தது. ஒரு நாள் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தேதி எளிது. காரணம் எழுதத்தான் பொழுது போயிற்று. மூன்று முறை அடித்து எழுதிய பிறகு இப்படி நின்றது: "அளவுப் பதிவேட்டில் நேரில் அளக்காமல் எழுதப்பட்ட பதிவுகள் இருப்பது தெரியவந்துள்ளது. கட்டங்களைக் காலியாக விடக் கூடாது என்று இந்த ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரியாகிய நான் கொடுத்த அறிவுறுத்தலே இதற்குக் காரணம்." தண்ணிக்காரரின் பேச்சே அதில் இல்லை. ஒன்பது நாள் பக்கத்தின் நகலை இணைத்தேன்.

மேலாளர் இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கம்பெனி மேல் பழி வரவில்லை, மேசை முன்னால் நிற்கும் என் மேல்தான் வருகிறது என்று புரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. பேனாவைத் திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் அழகாகப் போட்டார். அன்று மாலையே அனுப்பினோம்.

மறுநாளுக்கு மறுநாளே பதில் வந்தது. இருபத்து நான்காம் தேதி வரை அவகாசம் உண்டு, மேலும் நீட்டிப்பு கிடையாது. இரண்டு நிபந்தனைகள். அறிவுறுத்தல் கொடுத்த அதிகாரி உறுதிமொழியில் கையெழுத்திடக் கூடாது, தகுதியுள்ள வேறொருவர் இட வேண்டும். பதிவேட்டை எழுதியவர் தன் கைப்பட ஒரு வாக்குமூலம் தர வேண்டும்.

முதல் நிபந்தனையை இரண்டு முறை படித்தேன். என் வேலையே அந்தக் கையெழுத்துதானே. அது இல்லாத சுற்றுச்சூழல் அதிகாரியை எத்தனை மாதம் வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் தண்ணிக்காரரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு சின்ன நிம்மதி, அதைப் பெருமை என்றும் சொல்லலாம். அந்தப் பெருமையோடுதான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன்.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை, 'மேடம் சொன்னபடி எழுதினேன்' என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்றேன். அவர் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் வருஷம் நீங்க சொன்னதாலதான் எழுதினேன். அது நெசம்" என்றார். "அப்புறம் முட்டி வலிக்க ஆரம்பிச்சுது. மழை பெஞ்சா போறதில்ல. வெயில் அடிச்சாலும் சில நாள் போறதில்ல. இங்கேயே உக்காந்து எழுதிடுவேன். அத நீங்க சொல்லலையே."

எத்தனை நாள் என்று கேட்டேன். இந்த வருடத்தில் பாதிக்கு மேல் இருக்கும் என்றார். பாதிக்கு மேல். நான் வாரியத்துக்கு எழுதிய அழகான காரணத்திலும் பாதிதான் உண்மை.

அதை எழுதினால் மேலாளர் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடம் போகும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பம்புக் கணக்கு எப்படியும் சரியான எண்ணைக் கொடுத்துவிடும். என் வாய் திறந்தது. அந்த ரெண்டாவது விஷயம் வேணாம் அண்ணே, விட்டுடுங்க என்று சொல்லத்தான் திறந்தது.

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. உங்க பேச்சக் கேட்டு ஒரு தடவை எழுதினது போதும்."

பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிவேட்டு அட்டையை அடியில் வைத்து, தாளின் மேல் முதலில் தன் பேரை எழுதினார். எட்டு வருடத்தில் அவர் பேரை நான் கேட்டதே இல்லை.