படி திரும்பும் இடம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலகச் சுற்றுலா வரைபடத்தில் குற்றாலம் இனிமேல்தான் இடம்பெறப் போகிறது. அருவிகள் இத்தனை காலமும் சும்மா விழுந்துகொண்டிருந்தன. இனி அவற்றைக் கட்டிலில் படுத்தபடியே பார்ப்பதற்காக மூன்று மாடி விடுதி ஒன்று எழும்புகிறது. வாசல் பலகையில் காண்ட்ராக்டர் கைகூப்பிச் சிரிக்கிறார். அவருடைய மோவாய்க்குக் கீழே 'பாதுகாப்பே முதல்' என்று எழுதியிருக்கிறது. படிக்கட்டுக்குக் கைப்பிடி மட்டும் இன்னும் வைக்கவில்லை.

அந்தப் படியில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். படி திரும்பும் இடம் இருட்டு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் வெளி. வேலையைக் கண்காணிக்க சூப்பர்வைசர் விஜய்பாண்டி அங்கேதான் வந்து நிற்பான். சட்டி பிடித்திருப்பவளுக்கு இரண்டு கையிலும் வேலை. அவனுக்கு இரண்டு கையும் சும்மா.

வேல்விழி ஒருமுறை காண்ட்ராக்டரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பிடிக்கலைன்னா செங்கோட்டைப் பக்கம் வேலை கெடக்கு, போம்மா" என்றார் கைகூப்பியவர்.

ஆகவே பெண்கள் தாங்களே ஒரு நியாயம் வகுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் நாளுக்கு ஒருத்தி. இன்று குருவம்மாள், நாளை வேல்விழி, மறுநாள் ராபியா. யாரும் ஏய்த்ததில்லை. நாட்டில் ஒழுங்காக நடந்துவந்த சொற்ப நிர்வாகங்களில் அதுவும் ஒன்று.

புதிதாகக் கல்யாணமான சுகந்தி வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் அவளை விட்டுவைத்தார்கள். பிறகு அவளுக்கும் முறை வந்தது.

"இன்னைக்கு நீ அங்கன நில்லுட்டி" என்றாள் மூத்தவளான குருவம்மாள். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவன் கை பட்டதும் சுகந்தி சட்டியைப் போட்டுவிட்டு அவனைத் தள்ளினாள். அவன் சுவரோடு நின்றான். பின்வாங்கியவளுக்குப் பின்னால்தான் எதுவும் இல்லை.

காண்ட்ராக்டர் விசாரணையை அந்த இடத்திலேயே முடித்தார். படியைச் சாரல் நனைத்திருக்கிறது, பிள்ளை வழுக்கி விழுந்திருக்கிறாள், குற்றவாளி சாரல்.

தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு பேருமாப் போயி சொல்லுவோமா?" என்றாள் ராபியா.

"என்னன்னு சொல்ல? முறை வச்சு நின்னோம்னா?" என்றாள் வேல்விழி. "ஊரு காறித் துப்பும்லா."

"துப்பட்டும்ட்டி. ஒருத்தி சொன்னா நம்மளப் போகச் சொல்லுதான். மூணு பேரு சொன்னா எங்க போகச் சொல்லுவான்?" என்றாள் குருவம்மாள்.

பஸ்ஸில் பார்த்து வைத்திருந்த பெண்கள் உதவி எண் 181க்கு ராபியா போன் போட்டாள். எதிர்முனைப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடம் என்றால் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றாகவே போங்கள், ஆனால் ஆளுக்கொரு புகார் எழுதுங்கள், ஒருத்திக்கு மற்றவர்கள் சாட்சி. படுத்திருப்பவளுக்காக, அவளோடு வேலை பார்ப்பவர்களே எழுதலாம். போலீசிலும் தனியாகப் புகார் கொடுக்கலாம். எல்லாம் ஆறு பிரதி.

அரசாங்கத்துக்குத் துக்கம் ஆறு பிரதி வேண்டும்.

சமூக நல அலுவலகத்தில் குழுவின் தலைவி வாங்கிப் படித்தார்.

"நீங்க மூணு பேரும் கூடவே இருந்திருக்கீங்க. அந்த இடத்துல யார் நிக்கணும்னு அவரா சொன்னாரு?"

குருவம்மாள்தான் சொன்னாள்.

"இல்லம்மா. நாங்களே பங்கு வச்சிக்கிட்டோம். ஒருத்தியே தெனமும் நின்னா பாவம்லா. அன்னைக்கு அவள நிக்கச் சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கிடுங்க."

தலைவி அதையும் எழுதிக்கொண்டார். உங்கள் பெயர்கள் வெளியே போகாது, விசாரணைக்கு அவனைக் கூப்பிடுவோம் என்றார். அங்கிருந்து மூவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வழக்குப் பதிந்தார்கள். சாயங்காலம் விஜய்பாண்டியை ஜீப்பில் ஏற்றிப் போனதை ராபியா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

ஓட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து குருவம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜீப்பில் ஏறும்போது அவன் முகம் போன போக்கை ராபியா நடித்துக் காட்டினாள். சுகந்தி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"இனி அந்த எடத்துல யாரும் நிக்க வேண்டாம்லாக்கா?"

"ஒருத்தியும் நிக்க வேண்டாம் தாயீ."

"அப்ப சரி." சற்றுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னக்கா, என் காலையா அமுக்கிக்கிட்டு இருக்கீக?"

குருவம்மாள் வந்ததிலிருந்தே அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

சுகந்திக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.