புதன்கிழமை மட்டும்

"எல்லார் அட்ரஸையும் ஒண்ணா போட்டா ஒரே தடவையில போயிடும்னு நெனச்சேம்மா."

"போவட்டுமே. அதுல இன்னா தப்பு?"

"எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கினு இருக்காங்க."

மார்கரெட் அடுப்பைக் குறைத்துவிட்டு மகள் பிரின்சியின் கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். நேற்றுக் காலை கள்ளக்குறிச்சியில் உள்ள ஐந்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா பற்றி அனுப்பிய மின்னஞ்சல் அது. திங்கள் முதல் சனி வரை தினமும் சைவம், அசைவம் இரண்டும். வேண்டியதை முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். கூட்டம், விழா என்றால் மொத்தச் சமையல். வெள்ளிமலைச் சாமையில் பிரியாணி. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்கூட அடியில் இருந்தது. பிரின்சி அழகாகத்தான் எழுதியிருந்தாள்.

இந்த டப்பா வியாபாரத்தை நம்பித்தான் மார்கரெட் விடுதிச் சமையல் வேலையை மாதக் கடைசியோடு விடுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆளும் பார்த்துவிட்டார்கள்.

முதல் பதிலிலேயே வினை தொடங்கியது. விதைக் கம்பெனி மேலாளர் விஜயலட்சுமி, மெனு நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் அலுவலகத்தில் செவ்வாய், வெள்ளி கறி தொடமாட்டோம் என்று எழுதினார். பதில் மார்கரெட்டுக்கு மட்டும் வரவில்லை, ஐவருக்கும் போனது.

இன்சூரன்ஸ் அலுவலகத்து ஆதிமூலத்துக்கு அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எங்களுக்கும் அப்படித்தான், அதோடு சனிக்கிழமை பெருமாளுக்கு என்று அவரும் ஐவருக்கும் எழுதினார். ஃபைனான்ஸ் கம்பெனி இளவரசன் விடுவாரா? திங்கட்கிழமை சோமவாரம் என்று சேர்த்தார். அரை மணி கழித்து, மறந்துவிட்டேன், வியாழன் பாபாவுக்கு என்று இன்னொன்று அனுப்பினார். மீதி இரண்டு அலுவலகங்களும் பின்வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்று மேலே சொன்ன எல்லா நாளும் எங்களுக்கும் என்றன. சாம்பார், ரசம் வீட்டிலிருந்தே வரும், ஆகவே டப்பா புதன்கிழமை மட்டும் போதும் என்று கடைசியில் ஐவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். சின்னசேலத்தில் புதுக் கிளை திறக்கும் விழாவுக்குக் கறி விருந்து கேட்கலாம் என்றிருந்த ஆதிமூலமும், அது வெள்ளிக்கிழமை என்பதால் எலுமிச்சைச் சாதம் போதும் என்றுவிட்டார்.

ஊரில் இவ்வளவு பக்தி இருப்பது மார்கரெட்டுக்குத் தெரியாது. அவள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். தவக்காலத்து வெள்ளியில் கறி தொடாதவள். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சமைத்து வீடு ஓட்டும் விரதம் அவளுக்கு எந்தச் சாமியும் சொல்லித் தரவில்லை.

"அந்த ஆதிமூலம் சார் போன செவ்வாக்கெழம நம்ம தெரு முனையில நின்னு சிக்கன் பக்கோடா சாப்ட்டுக்கினு இருந்தாரும்மா," என்றாள் பிரின்சி. "நானே பாத்தேன்."

மார்கரெட் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் சாமிக்குப் பயப்படவில்லை. பக்கத்து ஆபீசுக்குப் பயப்படுகிறார்கள்.

"இன்னொரு தபா எழுதுடி. இந்த வாட்டி ஒருத்தருக்கு ஒண்ணா, தனித்தனியா."

பிரின்சி, பெயர்களை மறைத்து ஒரே தடவையில் அனுப்பவும் வழி இருக்கிறது என்றாள். மார்கரெட் அதை நம்பவில்லை. அவள் சொல்லச் சொல்ல மகள் தட்டினாள்: டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி. மூடிமேல் வாங்குபவர் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது சைவமா அசைவமா என்று வெளியில் எழுதமாட்டோம். அது உங்களுக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். ஐந்து தடவை அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் முகவரியை மார்கரெட் விரல் வைத்துப் படித்துப் பார்த்த பிறகே பிரின்சி பொத்தானை அழுத்தினாள்.

சாயங்காலத்துக்குள் விதைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு எட்டு டப்பா, உள்ளே என்ன என்பதைத் தொலைபேசியில் சொல்கிறார்களாம். ஆதிமூலம் சனிக்கிழமைக்கு மீன் கேட்டார். பெருமாளைப் பற்றிப் பேச்சே இல்லை. இருவரும் தினமும் வாங்கினாலே விடுதிச் சம்பளம் வந்துவிடும். ஃபைனான்ஸ் கம்பெனியும் சேர்ந்தால் பயமே இல்லை. அங்கேதான் ஆட்கள் ஜாஸ்தி.

இருட்டும் நேரத்தில் இளவரசனே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பின்னால் யாரோ இருக்கிறார்கள் போலும். மெனுவைப் பாராட்டினார், மூடி யோசனையைப் பாராட்டினார். ஆறு நாளும் வேண்டும், இருபத்திரண்டு பேர் என்றார். மார்கரெட் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொல்லப் போனாள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க அக்கா," என்றார் அவர், இன்னும் மெதுவாக. "திங்கக்கெழம ஆனா பக்கத்து ரூம்புல எங்க ஏரியா மேனேஜர் ஒக்காந்துக்கினு இருப்பாரு, சுத்த சைவம். அன்னிக்கு மட்டும், வாசன வராத மாதிரி கறிக்கொழம்பு வெச்சிக் குடுங்களேன்."