எள்ளுப் பலகாரமும் ஒரு துண்டுக் குழாயும்

ஆய்வுச் சுருக்கம் என்பது விசித்திரமான சரக்கு. இன்னும் எழுதாத கட்டுரையில், இன்னும் எட்டாத முடிவை எட்டிவிட்டதாக இருநூற்றைம்பது சொல்லுக்குள் சத்தியம் செய்ய வேண்டும். சந்தையில் இப்படி வியாபாரம் செய்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுக்கிறார்கள்.

அந்தப் பட்டத்துக்குத்தான் ஆய்வு மாணவி தவம் கிடந்தாள். மாணவி என்றால் சின்னப் பெண் இல்லை; தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. ஒரு மாநாட்டிலாவது கட்டுரை வாசித்தால்தான் ஆய்வேட்டை வாங்குவார்கள். ஆதி பௌத்தத்துக்கென்று இருந்த மாநாடோ ஒன்றே ஒன்று. அது குழாய் கம்பெனி முதலாளியின் காசில் நடந்தது. அவள் அனுப்பிய சுருக்கங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. காரணம், அவளுடைய நெறியாளரின் நாக்கு.

சில வருஷத்துக்கு முந்தைய மாநாட்டில் முதலாளி வெளியூர்ப் பேராசிரியர்களை விருந்துக்கு அழைத்தார். நெறியாளரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போதாதா? மனுஷன் விருந்துக்குப் போய், மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "எல்லாம் இருக்கு. ஒரு துண்டு குழாய்தான் குறைச்சல்."

இந்த முறை அவள் உஷாராக, யாரையும் சீண்டாத சுருக்கமாக எழுதினாள். பிட்சுகளின் ஒழுங்கு விதிகள் மடத்துக்குள்ளேயே பிறந்தவை அல்ல. சோறு போட்ட இல்லறத்தார் முணுமுணுத்தபோதெல்லாம் ஒரு விதி பிறந்தது. கட்டுப்பாடு இருபக்கமும் ஓடியது. புரவலர் பிட்சு சங்கத்துக்குக் கெடுதல் செய்தால் பிட்சுகள் பாத்திரத்தைக் கவிழ்த்து, அவர் கையால் வாங்க மறுக்கலாம். பிட்சு புரவலரை அவமதித்தால், போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நெறியாளர் படித்தார். முதல் வேலையாகத் தன் பெயரை அவள் பெயருக்கு மேலே எழுதினார். அதில் மட்டும் சுறுசுறுப்பு.

"என்னம்மா இது, பத்தியச் சாப்பாடு மாதிரி? ஒரு சம்பவம் வேணாமா? சுதம்மர் கதையைப் போடு."

அந்தக் கதை அவளுக்கு நன்றாகவே தெரியும். சுதம்மர் ஒரு பிட்சு. அவரைப் பராமரித்த புரவலர், அவரை முதலில் கேட்காமல் வேறு மூத்த பிட்சுகளை விருந்துக்கு அழைத்துவிட்டார். சுதம்மர் வந்து பதார்த்தங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கிறது, எள்ளுப் பலகாரம்தான் இல்லை என்றார். புரவலரின் முன்னோர் பலகாரம் விற்றவர்கள் என்கிறது உரை. சங்கம் சுதம்மரைப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பியது.

"ஐயா, அந்தக் கதை வேண்டாமே. மாநாட்டுக்காரங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டா?"

"என்ன வேற மாதிரி? பொறாமை புடிச்ச ஒரு பிட்சு. இதுல யாருக்கு உறுத்தப் போகுது?"

பெரிய படிப்பு படித்தவர்களிடம் இதுதான் வசதி. எல்லார் முகமும் தெரியும், கண்ணாடியில் இருப்பதைத் தவிர.

கதை ஏறியது, சுருக்கம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கணவன் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "உன் பட்டத்துக்குச் சங்கு ஊதியாச்சு, போ!"

சங்கு ஊதவில்லை. மாநாட்டுச் செயலாளரிடமிருந்து ஃபோன் வந்தது.

"முதலாளி படிச்சுட்டு உருகிட்டாரும்மா. இவ்வளவு கண்ணியமா யாரும் மன்னிப்புக் கேட்டதில்லையாம். தொடக்க அமர்வு உங்களுக்குத்தான். ஐயாவே வாசிக்கணும்."

நெறியாளர் எகிறினார். "மன்னிப்பா? நானா? வாபஸ் வாங்கு!"

"சரிங்கய்யா. தொடக்க அமர்வை வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லிடறேன்."

"என்னது, தொடக்க அமர்வா?" ரோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. "விமான டிக்கெட்டும் அவங்கதானே?"

மேடையில் நெறியாளர் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். எள்ளுப் பலகாரக் கட்டம் வந்ததும் முன்வரிசை முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெறியாளர் பாதி வரியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார்; மறுபடி பலகாரத்திலேயே சிக்கினார். அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சுதம்மரும் முதல்முறை வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்காமலே திரும்பிவிட்டார். அதனால் சங்கம் அவருடன் ஒரு துணைப் பிட்சுவை அனுப்பியது. போனவருக்கு வாய் வராவிட்டால் துணையாக வந்தவர் கேட்க வேண்டும் என்பது விதி. விதியை அவள் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எழுந்து போய் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"'இந்தப் பிட்சுவை மன்னியுங்கள், இவர் உங்களிடம் இணக்கம் வேண்டுகிறார்' என்று துணைப் பிட்சு சொல்ல வேண்டும்," என்று முதலாளியைப் பார்த்து நிதானமாக வாசித்தாள். பக்கத்தில் நெறியாளர் தரையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

முதலாளிதான் முதலில் கைதட்டினார். கட்டுரை வாசித்த சான்றிதழை அவரே அவள் கையில் கொடுத்தார். அவள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டாள். யாரை நம்ப முடிகிறது?

விருந்துக்கு இந்த முறை நெறியாளரைத்தான் முதலில் அழைத்தார்கள். மேசை நடுவே, பழத்தட்டுக்கும் இனிப்புத் தட்டுக்கும் இடையில், வெள்ளைத் துணி விரித்த தட்டொன்றில் பளபளவென்று துடைத்த ஒரு துண்டுக் குழாய் கிடந்தது.

"பாருங்கய்யா," என்றார் முதலாளி கைகூப்பி. "இந்தத் தடவை ஒரு குறையும் வைக்கலை."