பதினெட்டு டிகிரியில் ஒரு நீண்டகரை

புதிதாய் வாங்கினால் பத்தொன்பதாயிரம் ஆகும் ஜிபிஎஸ் கருவி, இணைய விளம்பரத்தில் ஆறாயிரத்துக்குக் கிடந்தது. கிரேசிக்கு மகிழ்ச்சி வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

கடலோரக் கிராமமான இனயத்தில் கணவாய் மீன் பிடிக்கும் பாடு நடக்கும் வாரம் அது. பழைய கருவி உப்பேறிச் செத்துப்போயிருந்தது. திங்கட்கிழமை வள்ளம் இறக்கத் துடித்துக்கொண்டிருந்தார் கணவர் செல்வதாஸ். போலிக் கருவி நடுக்கடலில் அணைந்தால் கரைக்கு வழி சொல்ல எவருமில்லை என்பதே அவளுடைய கவலை.

"கேரளத்து நீண்டகரைக்காரன் சாபுவாம். துபாய்க்குப் போறதால விக்கிறானாம். பணத்தை அனுப்பட்டா?" என்றார் அவர்.

"துபாய்க்குப் போறவன் மூணில் ஒரு பங்குக்கா விப்பான்? அந்த விளம்பரத் தளத்துல அவன் கணக்குத் தொடங்கியே ஒன்பது நாள்தான் ஆகுது. இதுக்கு முன்னால ஒரு தூண்டில்கூட வித்ததில்ல."

"முதல்ல விக்கிறவன் எல்லாம் கள்ளனா, ஏட்டி?"

"இல்ல. அவசரக்காரன் விலையைக் குறைப்பான், அதுவும் சரிதான். ரெண்டும் சேந்து வந்தா, படத்தையாவது ஒழுங்காப் பாக்கணும்."

விளம்பரத்தில் இருந்த படமோ, கம்பெனிப் பெட்டியின் மேல் அச்சிட்ட அதே படம். ஆகவே, கருவியை இயக்கி, அருகில் அன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதிவைத்து, வரிசை எண்ணும் தெரியப் படமெடுத்து அனுப்பச் சாபுவிடம் சொன்னாள் கிரேசி. ஒரு மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. காகிதமும் இல்லை, எண்ணும் இல்லை. திரை மட்டும் ஒளிர்ந்தது.

திரையில் தெரிந்த இடக்குறிப்பு எண்களைக் கண்டதும் செல்வதாஸின் முகம் மாறியது.

"பதினெட்டு அம்பத்து நாலு வடக்கு, எழுபத்திரண்டு நாப்பத்தொம்பது கிழக்கு. இது பம்பாய்த் துறைமுகமாக்கும்! நீண்டகரைன்னா எட்டு அம்பத்தாறுல்லா வரணும்?"

ஆயினும் கிரேசி அவசரப்படவில்லை. வானம் தெரியாத அறைக்குள் கருவியை இயக்கினால், கடைசியாய் நின்ற இடத்தையே அது காட்டும். பம்பாயில் ஓடிய கருவியாகவும் இருக்கலாம். அவளே சாபுவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள்: "சேட்டா, முற்றத்துக்குக் கொண்டுபோய், காகிதத்தோட இன்னொரு படம் எடுங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

"வேற ஆள் அட்வான்ஸோட நிக்குது. இப்போ பாதிப் பணம் இடணும். படமெல்லாம் பிறகு."

"உங்க முற்றத்துக்கு அஞ்சு நிமிஷம் இல்லையா?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. விலை, கணக்கின் வயது, படம் மூன்றும் தனித்தனியே மன்னிக்கத்தக்கவையே. மூன்றையும் ஒரே தராசில் ஏற்றி, அவனது மறுப்பையும் வைத்தபோது சந்தேகத்தின் தட்டு தாழ்ந்துவிட்டது.

"அப்ப திங்கக்கிழமை பாடு போச்சு," என்றார் செல்வதாஸ், எரிச்சலோடு.

"பாடு போவட்டும். ஆளு இருந்தா அடுத்த பாடு உண்டு. குளச்சல் கடையில உத்தரவாதத்தோட தவணைக்குச் சொல்லி வைப்போம், அடுத்த வாரம் தருவாங்க."

அவர் முனகிக்கொண்டே வலையை மடிக்கத் தொடங்கினார். அப்போது கைப்பேசி சிணுங்கியது. சாபுவின் செய்தி: 'லாஸ்ட் பிரைஸ். நாலாயிரம்.'

கிரேசி அதைக் கணவரிடம் நீட்டினாள். "பாருங்க, நிமிஷத்துக்கு நிமிஷம் குறையுது. இன்னும் கொஞ்சம் பொறுத்தா, நமக்கே பணம் தருவான்."


செல்வதாஸ் சிரிக்கவில்லை. அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டு, குளச்சல் பேருந்துக்குச் சட்டையை மாட்டினார்.